புதிய ஆளை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சிறு தொழில்களின் கணக்குகளை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், மனிதவளப் பிரிவு என்ற ஒன்றே இல்லாத இடங்களில் புதிதாக ஓர் ஆளை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில் முதலாளிதான் வாங்குபவர், அவரேதான் விற்பவர், சம்பளக் கவரில் பணம் எண்ணி வைப்பவரும் அவரே.

கோவை கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். உரிமையாளரைச் சேர்க்காமல் ஒன்பது பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர் என்னிடம் வந்து, “ஐயா, எனக்கு ஒரு மேனேஜர் வேண்டும். முப்பத்தைந்தாயிரம் வரை கொடுக்கத் தயார். விளம்பரம் எழுதிக் கொடுங்கள்” என்றார். மேனேஜர் வந்து என்ன செய்வார் என்று கேட்டேன். “எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்” என்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவருக்கு விளம்பரம் எழுத முடியாது. ஆகவே விளம்பரத்தைத் தள்ளிவைத்து, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை லேத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு, தாம் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்காக எழுந்தார் என்று ஒரே வரியில் அவர் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தபோது அவர் நினைத்திருந்ததற்கும் அதில் இருந்ததற்கும் தொடர்பே இல்லை. “சரக்கு எப்போது வரும் என்று போன்” என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தது. “சரக்கோடு போகும் சலான் எழுதப் போனேன், மெஷின் நின்றது” என்ற வரி அதற்கு அடுத்தபடி வந்தது. பாக்கி கேட்டுப் போன் செய்ததும், ரவுண்டு ராடு தீர்ந்துவிட்டதை வேலையின் நடுவில் கண்டுபிடித்ததும் அடிக்கடி இருந்தன. ஆட்களை மேய்த்ததாகச் சொல்லக்கூடிய வரிகளைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த ஒன்பது பேரும் தங்கள் வேலையைத் தெரிந்தவர்கள். வரைபடத்தைப் பார்த்து மெஷினில் டூல் செட் செய்யத் தெரிந்தவர் அங்கே உரிமையாளர் ஒருவரே என்பதால், அவர் எழுந்தால் உற்பத்தி நின்றது. அவருக்குத் தேவைப்பட்டவர், சலான், பில், வசூல், இருப்பு ஆகிய நான்கையும் பார்க்கும் ஓர் அலுவலக உதவியாளர். மேனேஜரை எடுத்திருந்தால் அவரும் சலான் எழுதியே நாளைக் கழித்து, சில மாதங்களில் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார். வேலையின் பெயரை நாம் முன்கூட்டி வைக்கக் கூடாது, நோட்டுப் புத்தகம்தான் வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது செலவு. அந்த வேலைக்கு மாதம் 16,000 ரூபாய் என்று முடிவு செய்தார். ஆனால் செலவு பதினாறாயிரத்தோடு நிற்பதில்லை. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம், அதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1,333 ரூபாய் ஆகிறது. இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்துப் பேர் ஆனால் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும். இவருக்கோ இது பத்தாவது ஆள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, சம்பளத்தில் நூற்றுக்கு 3.25 ரூபாய் முதலாளியும் 0.75 ரூபாய் தொழிலாளியும் செலுத்த வேண்டும். புதியவருக்கு முதலாளியின் பங்கு 520 ரூபாய்தான். ஆனால் சட்டம் பழைய ஒன்பது பேருக்கும் சேர்த்தே பொருந்துகிறது. அவர்கள் எல்லோரும் அந்த வரம்புக்குள் இருப்பவர்கள், அவர்களுடைய மொத்தச் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம், அதற்கு 4,875 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் பதினாறாயிரம் என்று நினைத்த ஆள் மாதம் 22,728 ரூபாய் செலவாகிறார்.

இதைக் கேட்டதும், பத்தாவது ஆளைப் பதிவேட்டில் காட்டாமல் வைத்துக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். பகுதி நேரமாக வருகிறவரும் கணக்கில் சேர்வார் என்பதாலும், ஒருவருக்கு மெஷினில் கை மாட்டிக்கொண்டால் மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழும் என்பதாலும், அந்த யோசனை மலிவானதல்ல. பின்னால் ஆள் எண்ணிக்கை ஒன்பதாகக் குறைந்தாலும் சட்டம் விலகிவிடாது என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆட்களிடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பதினாறாயிரம் வாங்குகிறவருக்கு அடுத்த மாதக் கவரில் 120 ரூபாய் குறையும். குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது என்பதை முன்னால் சொல்லாவிட்டால், அந்த நூற்றிருபது ரூபாய் புதியவர் மீது கோபமாகத் திரும்பும். மூன்று மாதச் செலவை, அதாவது ஏறக்குறைய 68,000 ரூபாயை, தனியாக எடுத்து வைத்த பிறகே ஆள் தேடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை இழுத்தடித்தால், புதிய ஆளின் முதல் சம்பளமே தாமதமாகிவிடும்.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். ஆள் எங்கே கிடைப்பார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை செய்கிறவர்களின் உறவினர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், ஆனால் மூன்று பேர் ஒரே வீட்டார் என்றால், வீட்டில் கல்யாணம் வரும் அன்று பட்டறையே மூடிக்கிடக்கும். அலுவலக வேலைக்கு, கணினியில் கணக்கு எழுதச் சொல்லித்தரும் டேலி பயிற்சி நிலையம் அருகில் இருந்தால் அங்கே கேளுங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில், tnprivatejobs.tn.gov.in என்ற முகவரியில், கட்டணம் இல்லாமல் அறிவிப்புக் கொடுக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களிலும் மேசை போட்டு உட்காரலாம். மெஷின் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.க்குப் போங்கள்.

எங்கே அறிவித்தாலும் சம்பளத்தை எழுதுங்கள். “சம்பளம் நேரில்” என்று போடும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன், இன்றும் விடப்போவதில்லை. அப்படிப் போட்டால் இருபதாயிரம் எதிர்பார்ப்பவரும் வருவார், பன்னிரண்டாயிரத்தில் இருப்பவரோ தனக்குக் கட்டுப்படியாகுமா என்று தெரியாமல் வராமலே இருந்துவிடுவார், இருவருக்கும் நடுவில் உங்கள் லேத் நிற்கும். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம் ஆகிய நான்கும் அறிவிப்பில் இருக்கட்டும்.

தேர்வு பற்றி ஒன்றே ஒன்று. அந்தப் பட்டறையில் வந்தவர்களுக்கு மூன்று தாள்கள் கொடுக்கப்பட்டன. ஆர்டரில் 200 உருப்படி, சலானில் 180, பில்லில் மறுபடியும் 200. சிலர் பில்லின் கூட்டலைச் சரிபார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும், “மீதி இருபது எப்போது போகும்? அதற்குள் பில் போட்டால் அவர்கள் பணத்தை நிறுத்தி வைப்பார்களே” என்று கேட்டார். பட்டப்படிப்பு முடிக்காதவர், ஆனால் அவரைத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் வைத்து வேலையைப் பார்ப்பதென்றால் அந்த நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். சேரும் நாளிலேயே சம்பளமும் விடுமுறையும் எழுதிய நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.