ஒதுக்கு வேற, கழிச்சு எழுதுதது வேற: வாராக்கடன் பத்தி ஒரு சந்தேகம்

கேள்வி: "சார், கல்லிடைக்குறிச்சியில அப்பளம் போட்டு கடைகளுக்குக் கடனுக்கு அனுப்புதேன். தென்காசியில ஒரு கடைக்காரர் 1,80,000 ரூபா பாக்கி வச்சுட்டுக் கடையை மூடிட்டாரு. கணக்குப்பிள்ளை அதுக்கு புரொவிஷன் போட்டாச்சுன்னு சொன்னாரு. ஆடிட்டர் அதை வரியில செலவாக் கழிக்க முடியாதுங்காரு. நட்டம் நட்டம்தானே, எப்படி எழுதுனா என்ன?"

அண்ணாச்சி, ஆடிட்டர் சொன்னது சரி. உங்க கணக்குப்பிள்ளை போட்ட பதிவை முதல்ல பாப்போம். லாப நட்டக் கணக்குல 1,80,000 பற்று வச்சிருப்பாரு. வரவு எங்க போயிருக்கு? 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'ன்னு ஒரு தனிக் கணக்குக்குப் போயிருக்கு. இப்ப தென்காசிக் கடையோட பேரேட்டைத் திறந்து பாருங்க. அங்க 1,80,000 பாக்கி அப்படியே நிக்கும். அதாவது, அந்தக் கடை இன்னும் பணம் தரணும்னுதான் உங்க புத்தகம் சொல்லுது. வராமப் போகலாம்னு ஒரு மதிப்பீட்டைப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு, அவ்வளவுதான்.

கழிச்சு எழுதுததுல வரவு நேரா அந்தக் கடை பேருக்கே போகும். பாக்கி பூஜ்யமாயிரும். இனி இது என் சொத்து இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். பற்றுப் பக்கம் ரெண்டுலயும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அதனாலதான் நட்டம் ஒண்ணுதானேன்னு தோணுது. வித்தியாசம் முழுக்க வரவுப் பக்கத்துல இருக்கு.

வருமான வரி பாக்குறதும் அந்த வரவுப் பக்கத்தைத்தான். 1961 சட்டத்தோட 36-ஆம் பிரிவு, வசூலாகாதுன்னு அந்த வருஷக் கணக்குல கழிச்சு எழுதுன கடனைச் செலவா ஏத்துக்கிடுது. ஐயக்கடனுக்குப் போட்ட ஒதுக்கு இதுல சேராதுன்னு அதே பிரிவோட விளக்கத்துல எழுதியே வச்சிருக்காங்க. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்ததால பிரிவு எண்தான் மாறுது, விதி இதேதான். முன்ன எல்லாம் கடன் நிஜமாவே கெட்டுப்போச்சுன்னு அதிகாரிகிட்ட நிரூபிக்கணும். 1989 ஏப்ரல் 1-க்கு அப்புறம் அது வேண்டாம், கணக்குல கழிச்சு எழுதியிருந்தாப் போதும்னு உச்ச நீதிமன்றமே 2010-ல டி.ஆர்.எஃப் நிறுவன வழக்குல சொல்லிட்டாங்க. ஆனா அந்தக் கடன் முன்னால உங்க வருமானத்துல சேந்திருக்கணும். அப்பளம் வித்த பாக்கி, விற்பனையில ஏற்கெனவே ஏறியிருக்கு, அதனால சரி. அதே கடைக்காரருக்கு அவசரத்துக்குன்னு கைமாத்தா 20,000 குடுத்திருந்தீங்கன்னா, அது உங்க வருமானத்துல வந்ததே இல்ல. அதை இந்த விதியில கழிக்க முடியாது.

இன்னொண்ணும் பாத்துக்கிடுங்க. நீங்க 44AD-ல விற்பனை மேல இத்தனை சதவீதம்னு லாபம் காட்டி வரி கட்டுறவரா இருந்தா, எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள்ள கழிஞ்சதாத்தான் கணக்கு. வாராக்கடனைத் தனியாக் கழிக்க முடியாது. ஆடிட்டர் இதைப் பேசுதாருன்னா நீங்க முழுக் கணக்கு வச்சுத் தாக்கல் பண்ணுறவராத்தான் இருக்கணும்.

அப்போ ஒதுக்கே வேண்டாமான்னா, வேணும். தென்காசிக் கடை மூடியாச்சு, அதுக்கு ஒதுக்கு போட்டதுதான் தப்பு. ஆனா வள்ளியூர்ல ஒரு கடை 90,000 வச்சிருக்குன்னு வைங்க. கடை நடக்குது, ஆளும் இருக்காரு, ஆனா ஆறு மாசமா இழுத்தடிக்காரு. அதைக் கழிச்சு எழுத மனசும் வராது, முழுசா வரும்னும் நம்ப முடியாது. அதுக்குத்தான் ஒதுக்கு. அதைப் போடாம விட்டா லாபம் கூடுதலாத் தெரியும். கூட்டாளி இருந்தா, வராத பணத்துக்கும் சேத்துப் பங்கு எடுத்துட்டுப் போயிருவாரு.

இப்ப மார்ச் 31-க்கு மொத்தப் பாக்கி 12,00,000, இந்த ரெண்டு விஷயத்தையும் எழுதுததுக்கு முன்னால லாபம் 9,00,000-ன்னு வச்சுக்கிடுவோம். டேலியில F7 அழுத்தி ஜர்னல்ல, வாராக்கடன் பற்று, தென்காசிக் கடை வரவு 1,80,000. தேதி அந்த மார்ச் 31-க்குள்ள இருக்கணும், ஏன்னா எந்த வருஷக் கணக்குல எழுதுதீங்களோ அந்த வருஷத்துலதான் கழிவு. பாக்கி 10,20,000 ஆயிரும். வள்ளியூருக்குப் பாதி வராதுன்னு வச்சு, லாப நட்டக் கணக்கு பற்று, ஒதுக்கு வரவு 45,000. வள்ளியூர் பேருல 90,000 மாறாது. புத்தக லாபம் 6,75,000. வரிக்கு மட்டும் அந்த 45,000-ஐத் திரும்பக் கூட்டணும், 7,20,000 வரும். தென்காசியோட 1,80,000 கழிஞ்சது கழிஞ்சதுதான்.

அடுத்த வருஷம்தான் நிறையப் பேருக்குக் கணக்கு வழுக்குது. வள்ளியூர்க்காரர் 60,000 குடுத்துட்டு, மீதி 30,000-க்குக் கையை விரிச்சுட்டாருன்னு வைங்க. இந்த 30,000-ஐ மறுபடி லாப நட்டக் கணக்குல பற்று வைக்கக் கூடாது. வச்சா ஒரே நட்டத்தை ரெண்டு தடவை எழுதுனதா ஆயிரும், ஏன்னா 45,000 போன வருஷமே லாபத்துல இருந்து போயிருச்சு. ஒதுக்கு பற்று, வள்ளியூர்க் கடை வரவுன்னு 30,000 போடணும். ஒதுக்குல மிச்சம் நிக்குற 15,000 தேவையில்லாததால, அதை லாபத்துக்கே திருப்பி எழுதிரணும். இதைச் செய்யலன்னா எதுக்குன்னே தெரியாம ஒரு 15,000 வருஷக்கணக்கா ஒதுக்குலயே கிடக்கும். ஒதுக்குல எவ்வளவு நிக்குதோ அதுக்கு எந்தக் கடை எவ்வளவுன்னு பட்டியல் சொல்ல முடியணும். முடியலன்னா இந்தத் தப்பு நடந்திருக்கும்.

சரியாப் பதிவு போட்டாலும் வரியில ஒரு இடத்துல பணம் நழுவும். 30,000 ஒதுக்குல இருந்து போனதால லாப நட்டக் கணக்குல எங்கயும் தெரியாது. வரி கணக்கிடுற ஆளு அந்தக் கணக்கை மட்டும் பாத்தா, இந்த வருஷம் ஒரு கடன் கழிச்சு எழுதியிருக்குங்கிறதே அவருக்குத் தெரியாது. கழிவு கேக்காமலே விட்டுருவாரு. அதனால, எழுதுன 30,000-ஐ வரிக் கணக்குல தனியாக் கழிக்கணும். திரும்பி வந்த 15,000-க்குப் போன வருஷமே வரி கட்டியாச்சு, அதையும் கழிக்கணும். ரெண்டும் சேந்தா 45,000. போன வருஷம் கூட்டுன அதே தொகை. இது ஒத்து வரலன்னா எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு.

கழிச்சு எழுதிட்டா தென்காசிக்காரர்கிட்ட கேக்குற உரிமை போயிருமோன்னு பயப்பட வேண்டாம். அது உங்க புத்தகத்துக்குள்ள நடக்குற விஷயம், அவருக்கும் உங்களுக்கும் உள்ள கடன் அப்படியேதான் இருக்கு. கணக்கு தீந்துபோச்சுன்னு மட்டும் எழுதிக் குடுத்துராதீங்க. பில்லையும் சரக்கு இறக்குன ரசீதையும் பத்திரமா வைங்க, தனி நோட்டுல பேரும் தொகையும் குறிச்சு வைங்க. வழக்குப் போடப் பொதுவா மூணு வருஷ வரம்பு உண்டு. அது முடியுததுக்குள்ள பாக்கியை ஒத்துக்கிட்டு அவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வரம்பு அன்னையில இருந்து புதுசா ஆரம்பிக்கும்.

பின்னால அவரே வந்து 50,000 குடுத்தாருன்னா, அதைக் கடைப் பேருல வரவு வைக்காதீங்க. அங்க பாக்கி பூஜ்யம், அதனால நீங்க அவருக்கு 50,000 தரணும்ங்கிற மாதிரி காட்டும். வங்கி பற்று, 'வாராக்கடன் வசூல்' வரவுன்னு போடுங்க. முன்னால கழிவு வாங்குன தொகை திரும்பி வருதுங்கிறதால, அது வந்த வருஷத்து வருமானமா வரிக்கு வரும்.