ஓட்டின் நிறத்தில் சத்து இருக்கிறதா?

"பழுப்பு முட்டைக்கும் வெள்ளை முட்டைக்கும் சத்தில் வேறுபாடு உண்டா, இல்லையா?"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஓட்டின் நிறம் சத்தை மாற்றுவதில்லை என்பது எங்கள் அணியின் கட்சி. எனக்கு முன்னால் எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு இடத்தில் நின்று பேசினார்கள், அதனால் தனித்தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பேசிய ஐயா, "ரொட்டியைப் பாருங்கள், பழுப்பு ரொட்டியில்தான் சத்து அதிகம், முட்டைக்கும் அதே கணக்குதான்" என்றார். முழுக் கோதுமை ரொட்டியைப் பற்றி அவர் சொன்னது சரி. அங்கே பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து வருகிறது, அந்தத் தவிட்டை நாம் சாப்பிடுகிறோம். முட்டையில் அந்த நிறம் எங்கே இருக்கிறது, எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்தால் இந்த ஒப்புமை நிற்காது.

ஒரு கோழி, ஒரு முட்டை, ஒரே ஒரு நாள். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு முழுதாக வளர்ந்த ஒரு மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபடுகிறது என்று வையுங்கள். அந்த மஞ்சள் கருவில் போய்ச் சேர வேண்டிய கொழுப்பும் வைட்டமின்களும் அதற்கு முந்தைய பத்து நாள்களிலேயே பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. ஏழரை மணி அளவில் அது முட்டைக் குழாயில் வெள்ளைக் கரு சுரக்கும் பகுதிக்குள் நுழைகிறது. அங்கே சுமார் 3 மணி நேரம் இருந்து, புரதத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது. அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில், ஓட்டுக்கு அடியில் நாம் உரிக்கும்போது பார்க்கிற மெல்லிய சவ்வு உருவாகிறது. நண்பகலுக்குச் சற்று முன்பு முட்டை ஓடு உருவாகும் இடத்துக்கு வந்துவிடும். அங்கேதான் கிட்டத்தட்ட 20 மணி நேரம் தங்குகிறது. இந்த நேரமெல்லாம் சுண்ணாம்பு படிகிறது. பழுப்பு நிறமியில் பெரும்பகுதி படிவது கடைசிச் சில மணி நேரத்தில், அதாவது மறுநாள் விடியற்காலையில். ஏழே முக்கால் மணி வாக்கில் கோழி முட்டையிட்டுவிடும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். நிறம் வந்து சேரும்போது மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் சவ்வுக்குள் அடைபட்டு, ஓட்டுக்குள் மூடப்பட்டுவிட்டன. புரோட்டோபார்பிரின் என்கிற அந்த நிறமி பெரும்பாலும் ஓட்டின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள், வெளிறித்தான் இருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் வினிகரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மேல் அடுக்கு கரைய, பழுப்பும் கூடவே வந்துவிடும்.

அப்புறம், அந்த நிறம் ஒரே கோழியிடமே நிலையாக இருப்பதில்லை. கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், பழுப்பு வெளுத்துக்கொண்டே போகும். நாய் துரத்தி மிரண்டுபோன கோழி முட்டையை வழக்கத்தைவிட நேரம் கழித்து இடும். நிறத்துக்கு மேல் இன்னொரு மெல்லிய சுண்ணாம்புப் படலம் படிந்து, முட்டை சாம்பல் பூத்ததுபோல வரும். திங்கள்கிழமை அடர் பழுப்பு, வியாழக்கிழமை வெளிறிய பழுப்பு. கோழி அதே கோழி, தீவனம் அதே தீவனம். ஓட்டின் நிறம்தான் சத்தைச் சொல்கிறது என்றால், இந்த மூன்று நாளில் சத்து எங்கே போனது?

இரண்டாவதாகப் பேசிய அம்மா தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் வளர்க்கிற சிவப்புக் கோழியின் பழுப்பு முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்குமாம், வாங்கி வரும் வெள்ளை முட்டையில் அது வெளிறியிருக்குமாம். அம்மா கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் நம் தலைப்பு ஓட்டைப் பற்றியது, அவர் சொன்னதோ கருவைப் பற்றியது. கருவின் நிறம் கோழி தின்கிற மஞ்சள் சோளம், பசுந்தழை ஆகியவற்றிலிருந்து வருகிறது. தீவனத்தில் சாமந்திப்பூச் சாறு சேர்த்தாலும் அதே ஆரஞ்சு வரும். அவருடைய தோட்டத்தில் ஒரு ஒயிட் லெகார்ன் கோழியை விட்டு, அதே புல்லையும் கீரையையும் மேய விட்டால், வெள்ளை ஓட்டுக்குள்ளும் அதே ஆரஞ்சுக் கருவைப் பார்ப்பார்.

விலையையும் அவர் காட்டினார். பழுப்பு முட்டையிடும் கோழிகள் பொதுவாக உடல் கனத்தவை, தீவனம் சற்றுக் கூடுதலாகத் தின்னும். அந்தச் செலவு முட்டையின் தலையில் விழுகிறது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

மூன்றாவது நண்பருக்குத்தான் நான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்குக் கோழி தெரியும். "நிறத்தை விடுங்கள், இனம் வேறு, இனம் மாறினால் முட்டை மாறாதா?" என்று கேட்டார். மாறும். பழுப்பு முட்டையிடும் சில வகைகளில் ஒரு மரபணுக் குறை உண்டு. அந்தக் கோழிகளுக்குக் கடுகு இனத்துப் பிண்ணாக்கை அதிகம் கொடுத்தால், உடல் உடைத்து வெளியேற்ற வேண்டிய ஒரு பொருள் மஞ்சள் கருவில் தங்கி, முட்டையில் மீன் வாடை அடிக்கும். ரத்தப் புள்ளியும் பழுப்பு முட்டைகளில் சற்று அதிகம் காணப்படுகிறது. இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் வாடையும் புள்ளியும் சத்தின் கணக்கில் வராதவை. சத்தைத் தொடுகிற இன வேறுபாடு என்று பார்த்தால், மஞ்சள் கருவின் பங்கு ஒயிட் லெகார்ன் வகையில் பொதுவாகச் சற்றுக் கூடுதல். அதுவும் மிகச் சிறிய வேறுபாடு, கோழியின் வயதைப் பொறுத்து மாறுகிறது. நண்பர் நினைத்த பக்கம் அது சாயவும் இல்லை. 50 கிராம் முட்டை என்றால், ஓடு எந்த நிறமாக இருந்தாலும், ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் கிடைக்கும்.

இனம் ருசியை மாற்றுமா என்று அவர் கடைசியாகக் கேட்டதற்கு என்னிடம் முடிவான பதில் இல்லை, அது நாக்கைப் பொறுத்தது. இந்த மேடையில் தீராது.

சத்தை நிஜமாகவே மாற்றுகிற ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி அமர்கிறேன். தீவனத்தில் ஆளி விதை சேர்த்தால் முட்டையில் ஒமேகா-3 கூடும். வெயில் படும்படி வெளியே திரிகிற கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி கூடும். வெள்ளைக் கோழிக்கும் சிவப்புக் கோழிக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும். எதிரணி அம்மா தன் தோட்டத்துக் கோழியைப் பற்றிப் பேசியபோது அவர் மனதில் இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நடுவர் அவர்களே, அடுத்த முறை "கோழி தின்பது முட்டையின் சத்தை மாற்றுகிறதா" என்று தலைப்பு வையுங்கள். அன்றைக்கு நான் அந்த அம்மாவின் அணியில் உட்காருகிறேன்.

நன்றி, வணக்கம்.