மருமகன் மறுமொழி சொல்லத்தான் வேண்டும்

“மனே, நீ வேதத்தில சேந்திட்டியாம் எண்டு ஊரெல்லாம் கதைக்குது. நம்மட குடித் திருவிழாவில எனக்குப் பிறகு ஆரு நிக்கிற? இருந்த சாமிய விட்டுட்டுப் போறதுக்கு அங்க என்னத்தக் கண்டாய்?”

நடுவர் அவர்களே, எதிரணியினரே, மண்டபம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம். வேதம் என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லும் கிறிஸ்தவத்தில் சேர்ந்த மருமகனிடம் எழுபது வயதைத் தாண்டிய தாய்மாமன் இப்படிக் கேட்கும்போது, அவன் தலை குனிந்து பேசாமல் இருப்பதே மரியாதை என்று எதிரணியின் முதற் பேச்சாளர் வாதிட்டார். பணிவாகவும் தெளிவாகவும் மறுமொழி சொல்வதே மரியாதை என்பது எங்கள் அணியின் கட்சி.

மாமாவின் கேள்வியில் சமயம் எவ்வளவு, குடி எவ்வளவு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்போருக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. ஓர் ஆணின் பிள்ளைகள் அவனுடைய குடியைச் சேர்வதில்லை, அவன் மனைவியின் குடியைச் சேர்வார்கள். கோவில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று வகுத்திருக்கும் ஊர்களில், ஒரு குடியின் முன்னின்று காளாஞ்சி என்னும் கோவில் மரியாதையை வாங்கும் உரிமை மாமனிடமிருந்து அவருடைய சொந்த மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குத்தான் போகும். ஆகவே மருமகன் விலகும்போது மாமாவின் வீட்டுக்குள் அவருக்கு மாற்றாள் கிடையாது. “எனக்குப் பிறகு ஆரு நிக்கிற?” என்ற கேள்வியில் இருக்கும் தவிப்பு அதுதான். அதைச் சமய வெறி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளை, மாமா கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான்.

இப்போது எதிரணி சொல்லும் மௌனத்தை நடத்திப் பார்ப்போம். மருமகன் வாய் திறக்கவில்லை. அல்லது, பலர் செய்வதைப்போல, “சும்மா கூட்டாளிமாரோட போனனான் மாமா” என்று மழுப்பிவிடுகிறான். கொடியேறுகிறது. குடியின் நாள் வருகிறது. பூசை முடிந்து, மற்றக் குடியார் எல்லோரும் பார்த்திருக்க, மாமா தமக்கு அடுத்ததாக அவனை முன்னே அழைக்கிறார். அந்த இடத்தில் அவன் கை நீட்டினால், தான் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைக்குப் பொய் செய்தவன் ஆகிறான். கை நீட்டாவிட்டால், மாமாவைச் சபை நடுவே தலை குனிய வைத்தவன் ஆகிறான். பங்குனியில் திண்ணையில் இருவருக்குள் முடிந்திருக்க வேண்டிய பேச்சை ஆடியில் ஊர் கூடிய வீதிக்குக் கொண்டுவந்தது எது? எதிரணி மரியாதை என்று பெயர் சூட்டிய அந்த மௌனம்தான்.

என் அணியின் இளைய பேச்சாளர் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையை எடுத்துக் காட்டினார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது என்பது சரியே. ஆனால் அது அரசாங்கத்துக்கு முன் நின்று பேசவேண்டிய பேச்சு. வெற்றிலைத் தட்டத்தோடு திண்ணையில் இருக்கும் மாமாவிடம் அதை எடுத்துச் சொன்னால், அவரை வழக்காளி ஆக்கிவிட்டு நாம் எழுந்து போவதாக முடியும். என் அணியாக இருந்தாலும் இதில் நான் அவரோடு உடன்படவில்லை.

சொல்லக்கூடிய மறுமொழி எப்படி இருக்கும்? நான் அறிந்த ஓர் இளைஞன் தன் மாமாவிடம் சொன்னதை, அவனுடைய அனுமதியோடு, அப்படியே சொல்கிறேன். “மாமா, நான் வேதத்தில சேந்தது உண்மைதான். ஆரும் என்னப் பிடிச்சு இழுக்கல்ல. யோசிச்சு நானாத்தான் சேந்தனான். இனிக் காளாஞ்சி நான் வாங்க மாட்டன். கொடியேற முன்னம் சொன்னா, சின்னம்மாட மகன நீங்க பக்கத்தில வெச்சுப் பழக்கலாம் எண்டுதான் இப்பவே சொல்றன். அன்னதானத்துக்கு நம்மட வீட்டுப் பங்கு அரிசிய நான்தான் தருவன், பந்தல் வேலைக்கும் வருவன். பூசை நேரத்தில உள்ளுக்கு வர மாட்டன், அப்ப என்னத் தேடாதீங்க. அங்க என்னத்தக் கண்டனான் எண்டு இண்டைக்குச் சொன்னா, நம்மட சாமியக் குறை சொல்ற மாதிரித்தான் உங்களுக்குக் கேக்கும். நீங்க கேக்க விரும்புற நாளில ஆறுதலா இருந்து சொல்றன்.”

இந்தப் பேச்சின் ஒழுங்கைக் கவனியுங்கள். உண்மையை முதலில் ஒப்புக்கொண்டான். வேறு யார்மீதும் பழி போடவில்லை. முடியாததை “பாப்பம்” என்று இழுக்காமல், முடியாது என்றே சொன்னான். மாமாவின் கவலைக்கு வழியும் காட்டினான்: சின்னம்மாவின் மகன் அதே தாய்வழி, அதே குடி. எந்தத் தெய்வம் பெரிது என்ற வழக்குக்குள் அவன் போகவே இல்லை. அந்த வழக்கு தொடங்கியிருந்தால் சின்னம்மாவின் மகனைப் பற்றிய பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் தம் மகள் இறைச்சி உண்பதை விட்டதையும், அதைத் தாம் கண்டிக்காமலே ஏற்றுக்கொண்டதையும் எடுத்துச் சொன்னார். நல்ல தகப்பன், மகிழ்ச்சி. ஆனால் அங்கே கோவில் வீதியில் எவருடைய இடமும் வெறுமையாகவில்லையே. அவரே தொடர்ந்து, “பந்தல் போட வருகிறான், பூசைக்கு வரமாட்டான், இது என்ன அரைகுறை?” என்றும் கேட்டார். இதில் பாதி நியாயம் உண்டு. அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பதை அவனுடைய போதகர் விரும்பாமல் இருக்கலாம். அப்படியானால் மாமாவிடம் காட்டிய அதே பணிவையும் உறுதியையும் அவன் போதகரிடமும் காட்ட வேண்டும். மாமாவிடம் உறுதி, போதகரிடம் மௌனம் என்றால் அவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

வழிபாட்டில் வேறுபாட்டை மட்டக்களப்பு அறியாததா? மண்டூர்க் கந்தசுவாமி கோவிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். வேறு கோவில்களில் குருக்கள் ஆகம முறைப்படி மந்திரம் ஓதுகிறார். இரண்டையும் ஒரே கண்களால் தொழுகிறோம். மெதடிஸ்த மிசன் இங்கே காலூன்றியது 1814இல். அதன் பிறகு வந்த தலைமுறைகளில் சைவமும் வேதமும் கலந்திருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று இந்த மண்டபத்தில் இருப்போரே அறிவீர்கள். காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனபோது, வீட்டுக்குரிய மகன் வீட்டை விட்டு வேறொரு வழியில் போனார். அவர் சைவத்துக்குள்ளேதான் நின்றார் என்று எதிரணி மறுக்கும். அது சரியே, இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. மகன் வேறு வழியில் போனான் என்பதற்காக அந்த உறவு அறுந்ததாக எவரும் சொல்வதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

தீராத ஒன்று இருக்கிறது. அதை மறைத்து வெற்றி கேட்க நான் விரும்பவில்லை. மருமகன் எங்காவது புறப்படும்போது மாமா திருநீறு எடுத்து நெற்றியில் பூசி அனுப்புவது வழக்கம். அதைத் தடுத்தால் ஆசியைத் தடுத்ததாகும் என்று அவனுடைய அம்மா அழுகிறார். ஏற்றால் நான் சொன்னது பொய்யாகும் என்று அவன் சொல்கிறான். அந்த வீட்டில் இதுபற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. மறுமொழி சொல்லப்பட்ட வீடு என்பதால்தான் அந்தப் பேச்சாவது நடக்கிறது.

அடுத்து எழப்போகும் எதிரணித் தலைவரிடம் நடுவர் வழியாக ஒன்று கேட்கிறேன். அந்த இளைஞன் மாமாவிடம் சொன்னதில் எந்தச் சொல் மரியாதை குறைந்தது என்று எடுத்துக் காட்டுங்கள். அதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், நானே அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.