பாலின மாற்றத்திலிருந்து திரும்பி வருபவர்கள்: ஏன் திரும்புகிறார்கள், அதிலிருந்து என்ன தெரிகிறது?

[திரையில்: மேசை மேல் அதிரும் கைபேசி. ஒரு பெண்ணின் கை அதை எடுக்கிறது.]

ஒரு பெண் போனை எடுத்து "ஹலோ" என்கிறார். எதிர்முனையில் இருக்கும் கூரியர்க்காரர் "சார், வீட்ல இருக்கீங்களா?" என்கிறார். அந்தப் பெண் திருத்துவதில்லை. "இருக்கேன், வாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

இது ஒருவருடைய கதை என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பெண்ணாகப் பிறந்து, தன்னைத் திருநம்பியாக உணர்ந்து, சில ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு அதை நிறுத்திவிட்டுப் பெண்ணாக வாழ்பவர்கள் பலருக்கும் நடப்பது. அந்த ஹார்மோன் குரல்நாண்களைத் தடிமனாக்கும். ஊசியை நிறுத்தினாலும் தடித்தது மெலியாது. மாதவிடாய் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும், உடல் கொழுப்பு மெல்ல இடம் மாறும், ஆனால் குரல் அப்படியே நின்றுவிடும்.

இப்படித் திரும்புவதை ஆங்கிலத்தில் டீட்ரான்சிஷன் என்கிறார்கள். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இன்னும் வரவில்லை. இந்த வீடியோவில் நான் 'திரும்புதல்' என்றே சொல்கிறேன். ஹார்மோனை நிறுத்துவது, பழைய பெயருக்கும் உடைக்கும் போவது, சான்றிதழை மாற்றுவது, செய்த அறுவை சிகிச்சையை முடிந்தவரை சரிசெய்துகொள்வது எல்லாமே இதில் அடங்கும். ஒருவர் இதில் ஒன்றை மட்டும் செய்யலாம், எல்லாவற்றையும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே பிரித்து வைத்துக்கொள்வோம். திரும்புவது வேறு, வருந்துவது வேறு. எடுத்த முடிவு அந்த வயதில் தனக்குத் தேவைப்பட்டது என்று சொல்லி, வருத்தமில்லாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மனதுக்குள் வருந்திக்கொண்டே, திரும்பாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்து வரும் எண்கள் எதுவும் புரியாது.

[திரையில்: இரண்டு எண்கள் மட்டும். 82.5%, 60%.]

ஏன் திரும்புகிறார்கள்? இந்தக் கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் கிட்டத்தட்ட எதிரெதிரான பதில் சொல்கின்றன. இரண்டுமே 2021இல் வெளியானவை.

முதலாவது, அமெரிக்காவில் 2015இல் திருநர் மக்களிடம் எடுக்கப்பட்ட மிகப் பெரிய கருத்தாய்வை வைத்து, ஜாக் டர்பன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் செய்தது. பாலின மாற்றத்தை ஏதோ ஒரு வகையில் தொடங்கிய 17,151 பேரில் 13.1 சதவீதம் பேர் எப்போதோ ஒரு கட்டத்தில் திரும்பியிருந்தார்கள். அவர்களில் 82.5 சதவீதம் பேர் சொன்ன காரணங்களில் குறைந்தது ஒன்றாவது வெளியிலிருந்து வந்தது. பெற்றோர் நெருக்குதல், வேலை கிடைக்காமை, தெருவில் தொல்லை, சமூகத்தின் பழிச்சொல். 'எனக்குள்ளேயே மாறிவிட்டது' என்பது போன்ற உள்காரணம் சொன்னவர்கள் 15.9 சதவீதம்தான்.

இது நமக்குப் புதிதாகத் தோன்றாது. ஊரில் அக்கா கல்யாணம் என்றால் முடியை வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்ற திருநங்கைகள் எத்தனை பேர்! அது அவர்களுடைய மனமாற்றம் இல்லை, வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு அவர்கள் கொடுத்த விலை.

இரண்டாவது ஆய்வு லிசா லிட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் செய்தது. சிகிச்சை எடுத்து, பிறகு அதிலிருந்து திரும்பிய 100 பேரிடம் கேட்டார். பிறந்த பாலினத்தோடு தன்னை அடையாளம் காண்பதே இப்போது இயல்பாக இருக்கிறது என்றவர்கள் 60 சதவீதம். பக்கவிளைவுகள் பற்றிய கவலையைச் சொன்னவர்கள் 49 சதவீதம். தன் பாலின மனவுளைச்சலுக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதாவது ஒரு துன்புறுத்தலோ மனநலச் சிக்கலோ இருந்தது, அது அப்போது தெரியவில்லை என்றவர்கள் 38 சதவீதம். வெளித்தொல்லையால் திரும்பினேன் என்றவர்கள் 23 சதவீதம்தான்.

யார் சொல்வது சரி? ஓடுகிற பஸ்ஸுக்குள் ஏறி, "வழியில் யாராவது இறங்கினீர்களா?" என்று கேட்டால் யார் கைதூக்குவார்கள்? இடையில் இறங்கி மறுபடி ஏறியவர்கள் மட்டும்தான். இறங்கி வீட்டுக்கே போய்விட்டவர் பஸ்ஸில் இல்லை. முதல் ஆய்வு பஸ்ஸுக்குள் எடுத்தது. அந்தக் கருத்தாய்வில் பங்கேற்றவர்கள் எல்லோரும் அன்றைக்கும் தங்களைத் திருநராக அடையாளப்படுத்தியவர்கள். ஆகவே அதில் 'திரும்பினேன்' என்றவர்களும் அந்த அடையாளத்தை விடாதவர்கள். லிட்மேன் பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டார். இறங்கியவர்கள் கூடும் இணையக் குழுக்கள் வழியாகவும் ஆட்களைச் சேர்த்தார். அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்பது அதில் தெரியும். மொத்தப் பயணிகளில் அவர்கள் எத்தனை பங்கு என்பது அதில் தெரியாது.

இரண்டு கூட்டமும் உண்மையான மனிதர்கள். ஒரு கூட்டத்தைக் காட்டி இன்னொரு கூட்டம் இல்லை என்று வாதிடுபவர்களை இரண்டு பக்கமும் பார்க்கிறேன். அது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

[திரையில்: ஆம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய்.]

சரி, எத்தனை பேர் திரும்புகிறார்கள்? நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரே மருத்துவமனையில் 1972 முதல் 2015 வரை வந்த 6,793 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். விந்தகம் அல்லது சூலகம் அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களில், வருந்தியவர்கள் திருநங்கைகளில் 0.6 சதவீதம், திருநம்பிகளில் 0.3 சதவீதம். மிகச் சிறிய எண். ஆனால் இங்கே 'வருத்தம்' என்று எண்ணியது, அறுவைக்குப் பிறகு அதே மருத்துவமனைக்கு வந்து, பிறந்த பாலினத்துக்குரிய ஹார்மோனைக் கேட்டவர்களை மட்டும். அங்கே பார்த்தவர்களில் 36 சதவீதம் பேர் பிறகு தொடர்பிலேயே இல்லை. இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டும். வருந்தியவர்கள் திரும்பி வந்து சொல்லச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் பின்தொடரும் ஆய்வுக்கு இது கண்ணில் படாது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு எண். அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டில் ஹார்மோன் தொடங்கிய 952 பேரில், நான்கு ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தவர்கள் சுமார் 70 சதவீதம். உடனே "முப்பது சதவீதம் பேர் மனம் மாறிவிட்டார்கள்" என்று ஒரு தலைப்பு கிளம்பியது. இங்கே எண்ணியது மருந்துச் சீட்டுகளை. காப்பீடு மாறி வெளியே மருந்து வாங்கியவரும், வேண்டிய அளவு மாற்றம் வந்துவிட்டது போதும் என்று நிறுத்தியவரும், உண்மையாகவே திரும்பியவரும் இந்த முப்பதுக்குள் ஒன்றாகத்தான் கிடக்கிறார்கள்.

அரை சதவீதத்துக்கும் முப்பதுக்கும் நடுவே உண்மை எங்கோ இருக்கிறது என்று சராசரி எடுக்க முடியாது. அளந்த பொருளே வேறு. இதையும் சேர்த்துப் பாருங்கள்: லிட்மேன் கேட்ட 100 பேரில், தன் மருத்துவரிடம் போய் "நான் திரும்பிவிட்டேன்" என்று சொன்னவர்கள் 24 பேர்தான். மற்றவர்கள் திரும்பியது அவர்களுடைய மருத்துவரின் கணக்கிலேயே வரவில்லை.

[திரையில்: லண்டன், ராயல் நீதிமன்றக் கட்டடம்.]

பொதுவெளியில் தன் கதையைத் தானே சொன்ன ஒருவரைப் பார்ப்போம். பிரிட்டனின் கியரா பெல். லண்டனில் டாவிஸ்டாக் என்று அறியப்பட்ட சிறார் பாலின மருத்துவமனையில், 16 வயதில் பருவமடைதலை நிறுத்தி வைக்கும் மருந்து. 17 வயதில் டெஸ்டோஸ்டிரோன். 20 வயதில் மார்பக நீக்கம். பிறகு திரும்பினார். நீதிமன்றத்தில் அவர் வைத்த குறை, தான் சொன்னதை யாரும் இன்னும் ஆழமாகக் கேள்வி கேட்கவில்லை என்பது.

2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம், 16 வயதுக்குக் கீழானவர்கள் பருவமடைதலை நிறுத்தி வைக்கும் மருந்தின் விளைவை முழுதாகப் புரிந்து சம்மதிப்பது ஐயத்துக்குரியது என்றது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு குறிப்பிட்ட சிறாரால் சம்மதிக்க முடியுமா என்று பார்ப்பது மருத்துவர்களின் வேலை, நீதிமன்றம் பொதுவிதி வகுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2024இல் குழந்தைநல மருத்துவர் ஹிலரி காஸ் தந்த அறிக்கை, சிறார்களுக்கான மருந்துகளுக்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்றது. அந்த முடிவை மறுக்கும் மருத்துவ அமைப்புகளும் உண்டு.

பெல்லின் கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? மதிப்பீடு அவசரமாக நடந்தால், மனநலம், குடும்பம், பாலீர்ப்பு பற்றியெல்லாம் உட்கார்ந்து பேசாமல் போனால், ஒருவர் தனக்குப் பொருந்தாத இடத்துக்குப் போய்ச் சேர முடியும். இது எனக்கு முழுதாக ஏற்புடையது. லிட்மேனின் 100 பேரில் 55 சதவீதம் பேரும் தங்களை மருத்துவர் போதுமான அளவு மதிப்பிடவில்லை என்றுதான் உணர்ந்தார்கள். எதை எடுத்துக்கொள்ள முடியாது? அதே வாசலில் நுழைந்து இன்று நிம்மதியாக வாழும் இன்னொருவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறார் என்பதை. ஒருவருக்குப் பொருந்தாத சிகிச்சை மற்றவருக்குப் பொருந்தியதை அழிப்பதில்லை. பொருந்தியவர்களின் எண்ணிக்கை பெரிது என்பதற்காகப் பெல்லின் இழப்பும் குறைவதில்லை.

நம் ஊரில் இன்னொரு தவறும் நடக்கும். "பார், அவர்களே திரும்பி வருகிறார்கள், உன்னையும் சரிசெய்துவிடலாம்" என்று பிள்ளையை மந்திரவாதியிடமோ மருத்துவரிடமோ இழுத்துப் போவார்கள். தானாகத் திரும்புவதும் திருப்பப்படுவதும் ஒன்றல்ல. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது.

[திரையில்: மருத்துவர் அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்.]

கடைசியாக, திரும்புகிறவருடைய உடலுக்கு என்ன வேண்டும்? இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

"மருந்தை நிறுத்து, முடிந்தது" என்று நினைப்பது ஆபத்து. சூலகமோ விந்தகமோ அகற்றப்பட்ட உடல் பாலின ஹார்மோனைப் போதிய அளவு தானாகச் சுரக்காது. எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு ஹார்மோனை வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எதையும் எடுக்காமல் விட்டால் எலும்பு அடர்த்தி குறைந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் லேசாக வழுக்கி விழுந்ததில் எலும்பு முறியும்போதுதான் தெரியும். அதனால் முதலில் பார்க்க வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். இரத்தத்தில் ஹார்மோன் அளவு, தேவைப்பட்டால் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன். உறுப்புகள் அகற்றப்படாதவரும் தானாக நிறுத்தாமல் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே நல்லது, ஏனென்றால் இடைப்பட்ட மாதங்களில் மனநிலை ஆட்டம் காணலாம்.

ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்த மார்பகம் மருந்தை நிறுத்தினாலும் போகாது. வேண்டாம் என்றால் அறுவைதான். டெஸ்டோஸ்டிரோனால் வந்த தாடிக்கு லேசரோ மின்முடி நீக்கமோ பல அமர்வுகள் தேவைப்படும். குரலுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறார். நாண்களை அவரால் மெலிதாக்க முடியாது. ஆனால் அதே நாண்களை வைத்துச் சற்று மேல் சுருதியில், வேறு ஏற்ற இறக்கத்தில் பேச வாரக்கணக்கில் பழக்கித் தர முடியும். திருநங்கைகளுக்குக் குரல் பயிற்சி தருபவர் செய்வதும் இதே வேலைதான். திரும்பி வந்த ஒரு பெண்ணும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு திருநங்கையும் ஒரே பயிற்சியாளரின் அறையில், அடுத்தடுத்த நேரத்தில், அதே "ஹலோ"வைச் சொல்லிப் பழகலாம்.