ஸ்கூல் பஸ்: ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாங்கினா கட்டும்?

கேள்வி: "சார், நாமக்கல் பக்கம் எங்க ட்ரஸ்ட் ஸ்கூலுக்கு முதல் தடவையா 40 சீட் பஸ் வாங்குறோம். கடைசி ஸ்டாப் 22 கிலோமீட்டர். டிரைவர், டீசல், பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு மாசம் எவ்வளவு வாங்கினா கட்டும்?"

என் கணக்குல சுமார் 3,200 ரூபாய் வருது. எப்படி வருதுன்னு பார்த்துடுவோம், ஏன்னா உங்க ஊர் சம்பளத்துக்கும் டீசல் விலைக்கும் நீங்களே மாத்திப் போட்டுக்கணும்.

முதல்ல டீசல். காலையில 22, சாயங்காலம் 22, ஆக 44 கிலோமீட்டர்னு எழுதிடுவாங்க. பஸ் ராத்திரி ஸ்கூல்லதானே நிக்குது? காலையில முதல் பிள்ளையை ஏத்த 22 கிலோமீட்டர் காலியா போகணும். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிட்டு காலியா திரும்பணும். அப்போ ஒரு நாளைக்கு 88. வருஷம் 210 நாள்னா 18,480 கிலோமீட்டர். நின்னு நின்னு போற வண்டி, லிட்டருக்கு 5 வச்சுக்கோங்க, 3,696 லிட்டர். 93 ரூபாய்னு போட்டா 3.44 லட்சம். பிஎஸ்-6 வண்டிக்கு யூரியா கரைசல் தனியா ஊத்தணும், அதுக்கு ஒரு 9,000. மொத்தம் 3.53 லட்சம். டிரைவர் வீடு கடைசி ஸ்டாப் பக்கம் இருந்து, பஸ்ஸை நிறுத்த பூட்டுற இடமும் கிடைச்சா, டீசல்ல பாதி மிச்சம். ஆனா ராத்திரி வண்டி யார் பொறுப்புன்னு எழுதி வாங்கிடுங்க.

அடுத்து ஆள். டிரைவருக்கு 18,000, உதவியாளர் அம்மாவுக்கு 10,000. உதவியாளர் வேணாம்னு மிச்சம் பிடிக்க முடியாது, நம்ம மாநிலத்தோட 2012 சிறப்பு விதிகள்ல கட்டாயம். பிஎஃப், இஎஸ்ஐல நிர்வாகத்தோட பங்கையும் சேர்த்தா வருஷம் 3.86 லட்சம் வருது. இது 12 மாசச் சம்பளம். நீங்க ஃபீஸ் வாங்குறது 10 மாசம்தான். மே மாசம் சம்பளமும் குடுக்கணும், வருஷாந்திர ஆய்வுக்கு வண்டியையும் தயார் பண்ணணும், வரவு இருக்காது. ஃபீஸைப் பத்தால வகுக்கிறது இதுக்குத்தான்.

இன்சூரன்ஸ்ல ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 2022 ஜூன்ல வந்த மூன்றாம் நபர் பிரீமியத்துல கல்வி நிறுவனப் பேருந்துக்குத் தனி ரேட்: 12,192 ரூபாயும், ஆளுக்கு 745-ம். மத்த பஸ்ஸுக்கு 14,343-ம், ஆளுக்கு 877-ம். 40 பேருக்குப் போட்டா ஜிஎஸ்டியோட கிட்டத்தட்ட 8,800 ரூபாய் வித்தியாசம். வண்டி ட்ரஸ்ட் பேர்லயோ ஸ்கூல் பேர்லயோ இருந்து, ஆர்சியிலயும் கல்வி நிறுவனப் பேருந்துன்னு இருந்தாதான் இது கிடைக்கும். தாளாளர் சொந்தப் பேர்ல எடுத்துட்டா, அந்த வகை பர்மிட்டுக்கே தடங்கல் வரும். பாலிசி வந்ததும் எந்த வகைன்னு போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. நம்ம கணக்குல மூன்றாம் நபர் 49,500, சொந்த சேதத்துக்கு 35,500, ஆக 85,000.

பர்மிட் 5 வருஷத்துக்கு வரும், அதனால அந்தச் செலவை அஞ்சா பிரிங்க. அதோட எஃப்சி, வரி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து வருஷம் 40,000 ஒதுக்குங்க. டயர், ஆயில், பிரேக்குக்கு கிலோமீட்டருக்கு 4 ரூபாய் கணக்கா 75,000. அப்புறம் வண்டி விலை. 22 லட்சத்துக்கு வாங்கி 12 வருஷம் ஓட்டி 4 லட்சத்துக்குக் குடுத்தா, வருஷம் 1.5 லட்சம் தேயுது. கடன்ல எடுத்தா வட்டியை மட்டும் மேல சேருங்க. தவணை முழுசையும் சேர்த்தா ஒரே செலவு ரெண்டு தடவை ஏறிடும்.

கூட்டினா 10.89 லட்சம். இதை 40-ஆல வகுக்காதீங்க. உதவியாளருக்கு ஒரு சீட் போகும், வருஷ நடுவுல டிசி வாங்கிட்டுப் போற பிள்ளைங்களும் உண்டு. 34 பேர்னு வச்சா ஆளுக்கு வருஷம் 32,000, மாசம் 3,200.

டீசல் ஏறுதுன்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினா ஒரு பிள்ளைக்கு மாசம் 11 ரூபாய்தான் கூடுது. ஆனா 34 பேர் 33 ஆனா மத்தவங்க தலையில மாசம் 97 ரூபாய் விழுது. ஒரு பிள்ளை நின்னா, டீசல் 9 ரூபாய் ஏறினதுக்குச் சமம். அதனால அட்மிஷன் அப்பவே பஸ் ஃபீஸை வருஷக் கட்டணமா, ரெண்டு தவணையில வாங்குங்க. நடுவுல நிறுத்தினா எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னு விண்ணப்பத்துலயே எழுதிடுங்க. 5 கிலோமீட்டர்ல ஏறுற பிள்ளைகிட்ட 2,500, கடைசி ஸ்டாப்புக்கு 3,900-னு பிரிச்சுக்கலாம். சராசரி 3,200-க்குக் கீழ இறங்காம பார்த்துக்கிட்டா போதும்.