தடிப்பும் வந்துவிட்டது, பொட்டாசியமும் ஏறிவிட்டது: நிமோசிஸ்டிஸ் மருந்தை ஒன்பதாம் நாள் நிறுத்தலாமா?

கேள்வி: "சார், எங்க அண்ணனுக்கு எச்.ஐ.வி., நிமோசிஸ்டிஸ் நிமோனியான்னு அட்மிட் பண்ணி, செப்ட்ரான் டி.எஸ். ரெண்டு ரெண்டு மாத்திரையா மூணு வேளை, கூட ஸ்டீராய்டும் குடுக்குறாங்க. எடை 54 கிலோ. மூணாவது நாள் மூச்சு இன்னும் அதிகமாச்சு, அப்புறம் பரவாயில்ல. இன்னைக்கு ஒன்பதாவது நாள், நெஞ்சு முதுகெல்லாம் சிவப்பா தடிச்சு அரிக்குது, பொட்டாசியம் 5.8, கிரியாட்டினின் 0.9ல இருந்து 1.2 ஆயிடுச்சு, யூரியா சரியா இருக்கு. பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுறாரு, தெம்புக்கு தினமும் இளநீர் குடுக்குறோம். மருந்த நிறுத்திடலாமா?"

பதில்:

நீங்களாக நிறுத்தாதீர்கள். தடிப்பையும் பொட்டாசியத்தையும் இன்றைக்கே வார்டில் டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் இது மருந்தையே தூக்கிப் போட வேண்டிய நிலையாக எனக்குத் தெரியவில்லை, சுற்றியிருக்கும் சில விஷயங்களை மாற்ற வேண்டிய நிலை.

முதலில் அளவு சரியா என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை என்றதும் வீட்டில் இருப்பவர்கள் மிரண்டு போய் ஒன்றிரண்டைத் தாங்களாகவே குறைத்துவிடுகிறார்கள். ஒரு டி.எஸ். மாத்திரையில் டிரைமெத்தோபிரிம் 160 மில்லிகிராம், சல்ஃபாமெத்தாக்ஸசோல் 800. இந்த நோய்க்குக் கணக்குப் போடுவது டிரைமெத்தோபிரிமை வைத்து, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். ஆறு மாத்திரையில் 960, அதை 54 கிலோவுக்கு வகுத்தால் 18க்குச் சற்றுக் கீழே வருகிறது. சரியான அளவுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது 21 நாள் போக வேண்டும், பத்தாம் நாள் மூச்சு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதற்கில்லை.

மூன்றாம் நாள் மூச்சு அதிகமானது மருந்து வேலை செய்யாததால் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், அப்படி இல்லை. மருந்து ஏற ஏறக் கிருமி கூட்டமாகச் சாகும், செத்த கிருமியைப் பார்த்து நுரையீரல் வீங்கும், ஆக்சிஜன் ஒன்றிரண்டு நாள் முன்னைவிடக் கீழே போகும். ஸ்டீராய்டு கொடுப்பதே இதற்காகத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு சேர்த்தால் உயிரிழப்பு குறைகிறது என்பது 1990 வாக்கிலேயே உறுதியாகி, அப்போதிருந்து அது வழக்கமாகிவிட்டது. லேசான நோய்க்கு இது தேவையில்லை. அதனால் நான்கைந்து நாள் ஆவதற்கு முன்னால் 'இந்த மருந்து கேட்கவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. எக்ஸ்ரேயும் நம்மை ஏமாற்றும், ஆள் தேறிய பிறகும் படம் பல நாள் அப்படியே வெள்ளையாக இருக்கும். நான் நம்புவது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைத்தான், அதுவும் படுத்திருக்கும்போது இல்லை. மாட்டிக்கொண்டே கட்டிலில் இருந்து வார்டு வாசல் வரைக்கும் நடந்து வரச் சொல்லுங்கள், நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். இந்த நோயில் படுத்திருந்தால் 95 காட்டும், பத்தடி நடந்ததும் 86க்கு இறங்கும். அந்த இறக்கம் நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் மருந்து கேட்கிறது. ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தி மூச்சு வாங்கினால் மட்டும் அது வேறு கதை, நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிந்திருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சரி, பொட்டாசியத்துக்கு வருவோம். டிரைமெத்தோபிரிம் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் சோடியம் உள்ளே வரும் வாசலை அடைத்துவிடுகிறது, சோடியம் உள்ளே வந்தால்தான் அதற்கு ஈடாகப் பொட்டாசியம் சிறுநீரில் போகும். வாசல் அடைபட்டதும் பொட்டாசியம் உடம்பிலேயே தங்குகிறது. இந்த அளவு மருந்தில் இது பலருக்கும் முதல் வாரத்துக்குள்ளேயே தலைகாட்டும். உங்கள் அண்ணன் விஷயத்தில் அதோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கிறது. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. இளநீரோ பொட்டாசியம் நிறைந்தது. நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தீர்கள், தெரியும், மருத்துவமனை வாசலிலேயே வெட்டிக் கொடுக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் ஒன்று வாங்கி வருகிறார்கள். இந்த 21 நாளும் வேண்டாம். வாழைப்பழம், பழச்சாறு, 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பது இவையும் வேண்டாம், அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் போட்டிருப்பதே பொட்டாசியம்தான்.

டெல்மிசார்டனை நிறுத்தி அம்லோடிபின் மாதிரி ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 5.8 என்ற எண்ணோடு இன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதில் கோளாறு தெரிந்தாலோ, பொட்டாசியம் 6.5 பக்கம் போனாலோ, கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின் என்று அவசர வைத்தியம்தான். அந்த அளவுக்குப் போகாதவரை சலைன் ஏற்றுவது, பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பொடி கொடுப்பது, மறுநாளே ரத்தம் திரும்பப் பார்ப்பது, இதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஆறு மாத்திரையை ஐந்தாக்கலாம், அது 800 மில்லிகிராம், கிலோவுக்குக் கிட்டத்தட்ட 15, இன்னும் சிகிச்சை அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது அவரை நேரில் பார்க்கும் டாக்டர், நீங்களோ நானோ இல்லை.

கிரியாட்டினின் 0.9 போய் 1.2 ஆனதற்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. கிரியாட்டினின் சிறுநீரில் போகும் ஒரு வழியை டிரைமெத்தோபிரிம் மறித்துக்கொள்கிறது, சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும் ரத்தத்தில் அந்த எண் மட்டும் கொஞ்சம் கூடும், மருந்து முடிந்ததும் தானாக இறங்கும். யூரியாவும் சேர்ந்து ஏறினால், சிறுநீர் குறைந்தால், கிரியாட்டினின் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அது நிஜமான பாதிப்பு, அப்போது மருந்தின் அளவையே திருத்த வேண்டும். உங்கள் அண்ணனுக்கு யூரியா சரியாக இருக்கிறது என்கிறீர்கள், நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், சல்ஃபா மருந்து சிறுநீரில் கல் மாதிரிப் படியாமல் இருக்கவும் அது வேண்டும்.

அடுத்தது தடிப்பு. இரண்டாம் வாரத்தில், எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள், இந்த மருந்தில் தடிப்பு வருவது நாங்கள் எதிர்பார்க்கிற ஒன்றுதான், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னும் சகஜம். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாக, அரிப்போடு, காய்ச்சல் இல்லாமல், வாய் கண் எல்லாம் சுத்தமாக இருந்தால் செட்ரிசின் மாதிரி அரிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே மருந்தைத் தொடர்வோம், பல பேருக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மங்கிவிடுகிறது. இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. காலை மாலை இரண்டு வேளையும் செல்போன் டார்ச்சைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், உதட்டின் உள்பக்கம், அண்ணம், நாக்குக்கு அடியில். வெள்ளையாகத் தயிர் ஒட்டினாற்போல் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, ஸ்டீராய்டு சாப்பிடுவதாலும் வரும், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. புண்ணாகத் தோல் உரிந்து, தண்ணீர் குடித்தாலே எரிந்தால், கண் சிவந்து கூசினால், பிறப்புறுப்பில் புண் வந்தால், தோலில் கொப்புளம் வந்தால், தொட்டாலே தோல் வலித்தால், முகம் வீங்கினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்படி வந்தவருக்கு இந்த மருந்தை இனி ஆயுசுக்கும் கொடுக்கக் கூடாது, அதைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று இருக்கிறது, கிளிண்டமைசினும் பிரைமாகுவினும் சேர்த்துக் கொடுப்போம், ஆனால் பிரைமாகுவின் கொடுப்பதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை அவசியம், அந்த நொதி குறைவாக இருந்தால் ரத்த சிவப்பணு உடைந்துவிடும். விட்ட காய்ச்சல் இரண்டாம் வாரத்தில் திரும்பி வந்தாலும் சொல்லுங்கள், அது மருந்தால் வந்ததாக இருக்கலாம், புதுத் தொற்றாகவும் இருக்கலாம்.

ஸ்டீராய்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கணக்கு, பிரெட்னிசோலோன் முதல் ஐந்து நாள் 40 மில்லிகிராம் இரண்டு வேளை, அடுத்த ஐந்து நாள் 40 ஒரே வேளை, பதினோராம் நாளிலிருந்து 21 வரை 20 ஒரே வேளை. உங்கள் அண்ணன் இப்போது இரண்டாவது கட்டத்தில் இருக்க வேண்டும். காலையில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது மதியத்துக்கு மேல். வெறும் வயிற்றில் 98 என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள், சாயங்காலம் பார்த்தால் 280 இருக்கும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவராக இருந்தால் பதினோராம் நாள் ஸ்டீராய்டு பாதியாகும்போது இன்சுலினையும் குறைத்தாக வேண்டும், மறந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், போதாததற்குச் செப்ட்ரானுக்கே, முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு.

குமட்டலுக்கு, மாத்திரைக்கு அரை மணி முன்னால் ஆன்டன்செட்ரான், கூடவே ஏதாவது சாப்பாடு. மாத்திரையோடு வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது தொடர்ந்தால் ஊசிக்கு மாற்ற வேண்டியிருக்கும். ரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று வாரம் இரண்டு முறை பார்ப்பது நல்லது. குறைந்தால் ஃபோலினிக் அமிலம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், நிமோசிஸ்டிஸ் நோயாளிகளுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிகிச்சை தோற்றுப்போனது அதிகமாக இருந்தது.

21 நாள் முடிந்த மறுநாளே டி.எஸ். மாத்திரை முழுதாக நின்றுவிடாது, ஆறு போய் தினமும் ஒன்றாகும், எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை ஏறி, எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் போதும் என்று சொல்லும் வரைக்கும். ஸ்டீராய்டு 21ஆம் நாளோடு முடிந்தது, அதை நீங்களாக நீட்டிக்க வேண்டாம். ஏ.ஆர்.டி. மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இந்த 21 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நிமோசிஸ்டிஸ் சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அதைத் தொடங்குவதுதான் சரி, அண்ணன் இன்று ஒன்பதாம் நாளில் இருக்கிறார், அதனால் பொட்டாசியத்தோடு சேர்த்து இதையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.