"மஞ்சள் நட்டுவிட்டு அப்புறம் சொட்டு நீர் போடலாமா?" – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "அண்ணா, பெருந்துறைப் பக்கம் 3 ஏக்கர், வாய்க்கால் ஓரத்துக் கிணறு, 5 ஹெச்.பி மோட்டார். பங்குனி நடுவில் மானியத்துக்குப் பதிவு போட்டிருக்கிறேன். டீலர் 20 நாளில் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஆனி முதல் வாரம் மஞ்சள் நடணும். பொருள் வருவதற்குத் தாமதமானால் முதலில் நட்டுவிட்டு அப்புறம் சொட்டு நீர் போட்டுக் கொள்ளலாமா?"

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் சொட்டு நீர் போடும்போது நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் டீலர் சொன்ன 20 நாளுக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த நாளிலிருந்து 20 நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது பதிவு போட்ட நாளிலிருந்து இல்லை, வேலை ஆணை கையில் வந்த நாளிலிருந்து. நடுவில் தோட்டக்கலை அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் பார்க்க வேண்டும், கம்பெனி ஆள் வந்து நிலத்தை அளந்து வரைபடம் போட வேண்டும், அப்புறம்தான் ஆணை. நீங்கள் பதிவு போட்டதோ மார்ச் கடைசி. பழைய நிதியாண்டு முடிந்து புது ஆண்டுக்கான ஒதுக்கீடு வரும் வரை ஃபைல் மேசை மேல் சும்மா கிடந்தாலும் கிடக்கும். ஆணை வருவதற்கு முன்னால் அவசரப்பட்டு நீங்களே பைப் புதைத்துவிட்டால், ஏற்கெனவே போட்ட வேலைக்கு மானியம் எப்படி என்று கேட்பார்கள். அதைச் செய்யாதீர்கள்.

அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆனி பிறக்கும்போது நடவு. அதற்கு முந்தின வாரம் பாத்தியில் சொட்டுகிற லேட்டரல் குழாயை விரித்து, தண்ணீர் விட்டு, பாத்தி ஈரமாகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் பாத்தி பிடிக்கும் வேலை. அதற்கும் முன்னால் கிணற்றிலிருந்து வருகிற மெயின் லைனும் அதிலிருந்து பிரிந்து லேட்டரலுக்குத் தண்ணீர் தருகிற சப்மெயினும் 2 அடி ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருசம் கலப்பை வந்து பைப்பைக் கிழிக்கும். அதற்கும் முன்னால் கோடை உழவும் எருவும். ஆகப் பொருள் முழுவதும் வைகாசி முதல் தேதி வாக்கில் உங்கள் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். அந்த 20 நாளைக் கழித்தால் சித்திரை முதல் பாதியில் ஆணை கையில் இருக்கணும். இருக்குமா என்று அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கேட்காமல் 20 நாள், 20 நாள் என்று நம்பிக் கொண்டிருந்தால் விதை மஞ்சள் சாக்கில் முளைவிட்டுக் கொண்டிருக்கும், நீங்கள் டீலருக்குப் போன் போட்டுக் கொண்டிருப்பீர்கள்.

பொருளிலும் எல்லாம் ஒரே நாளில் வராது. பி.வி.சி பைப் பக்கத்துக் கடையிலேயே இருக்கும். லேட்டரல் சுருள்கூட டீலரிடம் ஓரளவு கைவசம் இருக்கும். நாளை இழுப்பது ஃபில்டர்தான். உங்களுடையது திறந்த கிணறு, பாசி வரும், அதற்கு மணல் ஃபில்டர் வேண்டும். போர் என்றால் மணலைப் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோன். எது என்று வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். வண்டியில் இறங்கின பிறகு "இது போருக்கு உள்ளது" என்று திருப்பி அனுப்பினால் இன்னும் 15 நாள் போச்சு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நட்டுவிட்டு அப்புறம் போடலாம். ஆனால் இப்போதே அதற்கு இடம் விட்டு நட வேண்டும். வழக்கமாக நாம் பாருக்குப் பார் நெருக்கமாக மஞ்சள் போடுகிற மாதிரி நட்டுவிட்டால், பிறகு லேட்டரல் போட இடமும் இருக்காது, கணக்கும் ஒத்து வராது. 4 அடி அகல மேட்டுப்பாத்தி, 1 அடி உயரம், இரண்டு பாத்திக்கு நடுவில் 1 அடி கால்வாய், ஆகப் பாத்திக்குப் பாத்தி 5 அடி. இந்த அளவை முதலில் பிடித்துக் கொள்ளுங்கள், சொட்டு நீர் வரும் வரை அந்தக் கால்வாயிலேயே தண்ணீர் கட்டுங்கள். அடுத்து, சப்மெயின் போகிற கோட்டில் 3 அடி அகலம் வெறும் நிலமாக விடுங்கள், மெயின் லைன் வரப்பு ஓரமாகவே போகட்டும். ஒரு கிழங்குகூட அந்த 3 அடியில் நடக் கூடாது. நம் ஆட்கள் "வீணாக் கெடக்குதே" என்று நட்டுவிடுவார்கள், ஒரு நாள் நின்று பார்த்துக் கொள்ளுங்கள். அப்புறம் பொருள் வந்தால் அந்தப் பட்டையில் குழி தோண்டி வேலை முடிக்கலாம், பயிர் சாகாது. முதல் களை வெட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மண் அணைக்கும்போது கொத்தில் லேட்டரல் வெட்டுப்படும் என்பதால் அதைப் பாத்தி நடுவில் நேராக இழுத்து, இரண்டு முனையிலும் குச்சி அடித்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. 4 அடிப் பாத்திக்கு ஒரு லேட்டரல் களிமண்ணில் போதும். சரளைச் செம்மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கிவிடும், ஓர வரிசை வாடும். உங்கள் மண் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு 10 அடித் துண்டு லேட்டரல் வாங்கி வந்து மாலையில் 2 மணி நேரம் சொட்ட விடுங்கள், காலையில் குறுக்கே மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். கறுத்த ஈரம் இரண்டு பக்கமும் ஓர வரிசை வரைக்கும் வந்திருந்தால் ஒன்று போதும். ஒரு அடியிலேயே நின்றுவிட்டால் பாத்தியைக் குறுக்குங்கள், அல்லது இரண்டு லேட்டரல் போடுங்கள். இரண்டு போட்டால் மணிக்குத் தேவைப்படும் தண்ணீரும் இரட்டிப்பாகும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "என் கிணறு வைகாசியில் எவ்வளவு தண்ணீர் தரும்?" டிரம்மை நிரப்பித் தண்ணீரை அளக்கிற என் பழைய வீடியோவைப் பார்த்தவர்கள் இப்போது சிரிப்பார்கள், "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்பார்கள். ஆமாம், மறுபடியும் டிரம்தான்.

5 அடிக்கு ஒரு லேட்டரல், 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் என்றால், ஒரு ஏக்கரில் லேட்டரல் ஏறத்தாழ 2,700 மீட்டர், சொட்டுவான் 6,750, தண்ணீர் மணிக்கு 13,500 லிட்டர். இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். இப்போது 200 லிட்டர் டிரம்மை மோட்டார் ரூமுக்கு வெளியே வைத்து நிரப்புங்கள். பைப் வாயை முழுவதும் திறந்துவிட்டு நிரப்பக் கூடாது. பிரஷர் கேஜ் ஒன்று மாட்டி, கேட் வால்வைத் திருகி 2 கிலோவில் நிறுத்திய பிறகு நிரப்ப வேண்டும், ஏனென்றால் ஃபில்டர், பைப், லேட்டரல் எல்லாம் தாண்டித் தள்ளும்போது மோட்டார் அந்த அழுத்தத்தில்தான் ஓடும். 50 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 14,400 லிட்டர், ஒரு நேரத்தில் ஒரு ஏக்கர் நனையும்.

ஆனால் நீங்கள் வாய்க்கால் ஓரம் என்கிறீர்கள். கீழ்பவானியில் ஏப்ரல் கடைசி வரை தண்ணீர் ஓடும், கசிவில் உங்கள் கிணறும் நிறைந்திருக்கும். பங்குனியில் டிரம் பிடித்தால் கிணறு உங்களை ஏமாற்றும். வாய்க்கால் நின்று வைகாசியில் மட்டம் இறங்கியதும் மோட்டார் இன்னும் ஆழத்திலிருந்து தூக்கணும், அதனால் தள்ளுகிற அளவு குறையும். அப்புறம் ஆகஸ்ட் நடுவில் மறுபடி வாய்க்கால் திறக்கும் வரை அதே கதை.

நான் செய்த கூத்து இதுதான். கார்த்திகையில், கிணறு படிவரை நிறைந்திருந்தபோது, 35 விநாடியில் டிரம் நிரம்பியது. மணிக்கு 20,500 லிட்டர்! கம்பெனி ஆளும் சந்தோசமாக 3 ஏக்கரை ஒன்றரை ஒன்றரையாக இரண்டு வால்வில் முடித்துவிட்டார். ஒன்றரை ஏக்கருக்கு 20,250 லிட்டர், கணக்குச் சரி. அடுத்த வைகாசியில் கோடை மழை இல்லை. அதே டிரம் 58 விநாடி எடுத்தது, அதாவது மணிக்கு 12,400 லிட்டர். வால்வைத் திறந்தால் முன்பக்கப் பாத்தி சொட்டுகிறது, கடைசி ஏழெட்டுப் பாத்தியில் லேட்டரலைத் தூக்கிப் பார்த்தால் சொட்டு சொட்டாகக்கூட இல்லை, வேர்த்த மாதிரி இருந்தது. நான் அடைப்பு என்று நினைத்து இரண்டு நாள் ஃபில்டரைக் கழுவிக் கொண்டிருந்தேன். அடைப்பு என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும், தண்ணீர் போதாவிட்டால் வரிசையாகக் கடைசி முழுவதும் நிற்கும், அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பயிருக்கு நடுவில் சப்மெயினைத் தோண்டி, வெட்டி, வால்வு போட்டோம். அந்தப் பக்கத்தில் இரண்டு பாத்தி மஞ்சள் மண்வெட்டிக்கே போனது. என் மாமனார் வரப்பில் நின்று பார்த்துவிட்டு "ஏனுங் மாப்ளே, பைப்புக்கு நட்டீங்ளா, மஞ்சளுக்கு நட்டீங்ளா" என்றார்.

அதனால் உங்கள் 3 ஏக்கருக்கு நான்கு வால்வு கேளுங்கள், ஒவ்வொன்றும் முக்கால் ஏக்கர். ஒரு பிரிவுக்கு மணிக்கு 10,100 லிட்டர் போதும், வைகாசியில் கிணறு இறங்கினாலும் ஒன்றை மட்டும் திறந்து ஓட்டலாம். வாய்க்கால் ஓடிக் கிணறு நிறைந்திருக்கும்போது இரண்டைச் சேர்த்துத் திறந்தால் வேலை சீக்கிரம் முடியும். டீலர் "இரண்டே போதும்ங்க" என்பார், வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள், அப்புறம் மாற்றினால் மறுபடி ஃபைல் நகரணும். போன வைகாசியில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடிக் கிணறு வற்றியது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அதையும் அவரிடம் சொல்லுங்கள். 2 மணி நேரத்தில் வற்றுகிற கிணறு என்றால் காலையில் இரண்டு பிரிவு, ஊறிய பிறகு சாயங்காலம் இரண்டு பிரிவு என்று பிரித்து ஓட்ட நான்கு வால்வு வசதியாக இருக்கும்.

வேலை நடக்கும் நாளில் நீங்கள் தோட்டத்திலேயே இருங்கள், கல்யாணம் காட்சி என்று வெளியூர் போகாதீர்கள். சப்மெயினில் துளை போட்டதும் பிளாஸ்டிக் சீவல் உள்ளே விழுந்து கிடக்கும். லேட்டரல் மாட்டுவதற்கு முன்னால் சப்மெயின் முனையைத் திறந்துவிட்டு, சீவல் நின்று தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓட விடச் சொல்லுங்கள். ஆட்கள் அடுத்த தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.